மொழிபெயர்ப்புக் கவிதையை ஒப்பிட்டு எழுதுவது எப்படி: ஒரே ஒரு பாடலை வைத்து முழு வழிமுறை

மொழிபெயர்ப்புத் தாளுக்காகவோ சிற்றிதழ்க் கட்டுரைக்காகவோ ‘மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் ஒப்பிடுக’ என்று சொல்லிவிடுவார்கள். யாப்பு என்றால் என்ன, படிமம் என்றால் என்ன என்று விளக்கும் புத்தகங்கள் நிறைய இருக்கின்றன. எந்த நூலை முதலில் திறப்பது, எதை எதோடு வைத்துப் பார்ப்பது, ‘இது போய்விட்டது, இது வந்துவிட்டது’ என்ற பட்டியலைத் தாண்டி எப்படி எழுதுவது என்பதை எங்கும் காணோம். நான் தட்டுத் தடுமாறிக் கண்டுகொண்ட வரிசையை இங்கே தருகிறேன். எல்லாப் படிகளுக்கும் எடுத்துக்கொள்வது ஒரே பாடல்தான்: ஃபிட்ஸ்ஜெரால்டின் ஆங்கிலம் வழியாகக் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை தமிழாக்கிய உமர் கய்யாம் பாடல். நம்மில் பலருக்கு மனப்பாடமாக இருப்பது இது.

1. எந்தப் பிரதி என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். கய்யாம் எழுதியது பாரசீகத்தில். கவிமணி மொழிபெயர்த்தது ஆங்கிலத்திலிருந்து. ஆகவே கவிமணியின் மூலம் ஃபிட்ஸ்ஜெரால்டு. பாரசீகத்தில் இருப்பது தமிழில் இல்லையென்றால் அதைத் தொலைத்தது யார் என்று பார்க்காமல் கவிமணிமேல் பழி போடக் கூடாது. மூன்று மொழிப் பிரதிகளும் கையில் இருந்தால்தான் இது தெரியும்.

அடுத்த சிக்கல், ஃபிட்ஸ்ஜெரால்டே பாடல்களைத் திருத்திக்கொண்டே இருந்தவர். 1859, 1868, 1872, 1879 என்று நான்கு பதிப்புகள், அவர் இறந்தபின் 1889இல் ஐந்தாவது. நம் பாடல் 1859இல் ரொட்டியில் தொடங்குகிறது: மரக்கிளையின் கீழே ஒரு ரொட்டி, ஒரு குடுவை மது, ஒரு கவிதை நூல், அப்புறம் நீ. கடைசிப் பதிப்பில் கவிதை நூல் முதலில் வந்து ரொட்டி பின்னால் போய்விடுகிறது. எந்தப் பதிப்பை வைத்து எழுதுகிறீர்கள் என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். நான் இங்கே கடைசிப் பதிப்பை வைத்துப் பேசுகிறேன்.

செலவு பெரிதாக இல்லை. ஃபிட்ஸ்ஜெரால்டின் நூல் ப்ராஜெக்ட் குடன்பெர்க் தளத்தில் இலவசம். அவர் எந்தப் பாரசீகப் பாடலிலிருந்து எதை எடுத்தார் என்று எட்வர்ட் ஹெரன்-ஆலன் 1899இல் ஒரு நூல் போட்டார். பாரசீக வரியும் அதன் நேர்ப்பொருளும் அதில் இருக்கும். பழைய நூல் என்பதால் இணைய ஆவணக் காப்பகங்களில் தேடலாம். கவிமணியின் நூல்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தேடுங்கள். அந்தந்தப் பக்கத்தை மட்டும் அச்செடுத்தால் போதும்.

தமிழ்ப் பாடலை மட்டும் ஏதோ ஒரு வலைப்பக்கத்திலிருந்து நகலெடுக்காதீர்கள். ‘வெய்யிற் கேற்ற’ என்பதை ‘வெயிலுக்கேற்ற’ என்று திருத்திப் போட்டிருப்பார்கள். படிக்கச் சுலபமாக இருக்கும், ஆனால் எதுகை குலைந்துவிடும். எதுகை குலைந்த பிரதியை வைத்து எதுகையை ஆராய முடியாது.

2. மூன்றுக்கும் நேர்ப்பொருள் எழுதுங்கள்

அழகே வேண்டாம். சொல்லுக்குச் சொல், வரிக்கு வரி எழுதுங்கள். இந்தப் பாடலுக்கு ஒரு மாலை நேரம் ஒதுக்கினால் போதும்.

பாரசீகம்: ‘சிவந்த மதுக் குடுவை வேண்டும், ஒரு கவிதை நூல் வேண்டும். உயிர் தரிக்க ஏதோ கொஞ்சம், பாதி ரொட்டி. பிறகு நானும் நீயும் ஒரு பாழிடத்தில் உட்கார்ந்திருந்தால், அது சுல்தானின் ஆட்சியைவிட இனிது.’

ஃபிட்ஸ்ஜெரால்டு: ‘கிளையின் கீழே ஒரு கவிதை நூல், ஒரு குடம் மது, ஒரு ரொட்டி, அப்புறம் நீ, அந்தப் பாலையில் என் பக்கத்தில் பாடிக்கொண்டு. ஆ, பாலையே போதுமான சொர்க்கம் ஆகிவிடும்!’

இந்தப் பாரசீகப் பாடலோடு இன்னொன்றையும் அவர் கலந்திருக்கிறார் என்கிறார் ஹெரன்-ஆலன். அந்த இரண்டாவது பாடலில் கோதுமை ரொட்டி, மது இவற்றோடு ஓர் ஆட்டுத் தொடையும் வருகிறது. ஆங்கிலத்துக்குள் அது வரவில்லை. கிளையும் பாட்டும் சொர்க்கமும் நாம் மேலே எழுதிய பாரசீகப் பாடலில் இல்லாதவை.

கவிமணி:

வெய்யிற் கேற்ற நிழலுண்டு
வீசும் தென்றல் காற்றுண்டு
கையில் கம்பன் கவியுண்டு
கலசம் நிறைய மதுவுண்டு

அடுத்த இரண்டு வரிகளில் தெய்வ கீதங்கள் பல உண்டு என்றும், அவற்றைத் தெரிந்து பாட நீ உண்டு என்றும் வருகிறது. முடிவு இப்படி:

வையந் தருமிவ் வனமன்றி
வாழும் சொர்க்கம் வேறுண்டோ

3. யாப்பை அளந்து பாருங்கள், ஆனால் ஒன்றுக்கு ஒன்று தேடாதீர்கள்

ரூபாயி என்ற நான்கு வரிப் பாரசீகப் பாடல் வடிவத்தில் ஒவ்வொரு வரிக்கும் 20 மாத்திரை. நெடில் குறில் கணக்குதான், நமக்குப் புரிகிற கணக்கு. ஆங்கிலத்தில் வரிக்கு 10 அசை, அதில் ஐந்து இடத்தில் அழுத்தம். இதை ஐயாம்பிக் பென்டாமீட்டர் என்பார்கள். ‘அசை’ என்ற சொல்லை இங்கே ஆங்கில சிலபிளுக்குப் பயன்படுத்துகிறேன். தமிழ் யாப்பின் நேரசை நிரையசையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கவிமணியுடையது அறுசீர் ஆசிரிய விருத்தம். மேலே தந்த இரண்டு இரண்டு வரிகளைச் சேர்த்தால் ஓர் அடி. வெய்யிற் (மா), கேற்ற (மா), நிழலுண்டு (காய்), வீசும் (மா), தென்றல் (மா), காற்றுண்டு (காய்). எட்டு வரியிலும் இதே மா, மா, காய் அச்சு மாறாமல் ஓடுகிறது. அசை பிரிக்கத் தெரிந்தவருக்கு அரைமணி நேர வேலை. தெரியாவிட்டால் கையால் தாளம் தட்டிப் படியுங்கள். எங்கே நிற்கிறது என்று காதே சொல்லிவிடும்.

சரி, இதிலிருந்து என்ன எழுதுவது? ‘ஆங்கில யாப்பு தமிழில் வரவில்லை’ என்று எழுதிப் பயனில்லை. அழுத்தத்தை வைத்து அடி அளக்கிற வழக்கம் தமிழ் யாப்பில் இல்லை, ஆகவே அது வர வாய்ப்பே இல்லை. கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு.

முதலாவது, இடம் கூடியதா குறைந்ததா. ஆங்கிலப் பாடலில் மொத்தம் 40 சிலபிள். கவிமணியின் எட்டு வரியையும் அதே முறையில் எண்ணினால் அறுபதுக்கு மேல் போகிறது. தமிழ்ச் சொற்கள் நீளம் என்பது ஒரு காரணம். ஆனால் அதோடு தென்றல் காற்றும் சேர்ந்திருக்கிறது, பாட்டு என்பது தெய்வ கீதம் பலவாக விரிந்திருக்கிறது. நாலடி விருத்தத்தை நிரப்ப வேண்டும் என்பதால் சரக்கு கூடியிருக்கிறது. மொழிபெயர்ப்பில் ஏதோ ஒன்று புதிதாக முளைத்திருந்தால் முதலில் யாப்பின் நீளத்தைச் சந்தேகியுங்கள்.

இரண்டாவது, வரி எங்கே உடைகிறது. ஆங்கிலத்தில் இரண்டாம் வரியின் கடைசியில் ஒரு கோடு போட்டு ‘அப்புறம் நீ’ என்று முடிகிறது. வரி முடிந்துவிட்டது, வாக்கியம் முடியவில்லை. அந்த ‘நீ’ ஒரு கணம் தனியாகத் தொங்கி நிற்கிறது, பிறகுதான் ‘என் பக்கத்தில் பாடிக்கொண்டு’ என்று அடுத்த வரிக்குள் போகிறது. பாடலின் உயிரே அந்த நிறுத்தத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம். தமிழில் ஒவ்வொரு அரையடியும் ‘உண்டு’ என்று கதவைச் சாத்திவிடுகிறது. வரி தாண்டி வழிவதற்கு வழியே இல்லை. ஆகவே ‘நீ’ என்பது நிழல், காற்று, கவி, மது, கீதம் என்ற பட்டியலில் ஆறாவதாக நிற்கிறது. கடைசியாக வருவதால் கொஞ்சம் உயரம் கிடைக்கிறது, ஆனால் அந்தத் தொங்கல் போய்விட்டது. யாப்பு மாறியதால் நேர்ந்த உண்மையான இழப்பு என்று நான் எழுதுவது இதைத்தான்.

4. எதுகை இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள், அது என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள்

நம் பாரசீகப் பாடலில் நான்கு வரியும் ஒரே ஒலியில் முடிகின்றன: தீவானீ, நானீ, வீரானீ, சுல்தானீ. ஃபிட்ஸ்ஜெரால்டு முதலாம், இரண்டாம், நான்காம் வரிகளை மட்டும் இணைத்தார். பௌ, தௌ என்று வந்துவிட்டு, மூன்றாம் வரி வில்டர்னஸ் என்று விலகிப் போய், நான்காம் வரி இனௌ என்று திரும்புகிறது. ரூபாயி வடிவத்தில் இந்த அமைப்பும் வழக்கமானதுதான். இதன் வேலை எளிது. இரண்டு வரியில் காது ஓர் ஒலிக்குப் பழகுகிறது, மூன்றாவதில் அது வராமல் ஏங்குகிறது, நான்காவதில் வந்ததும் முடிவு உறுதியாக விழுகிறது.

இப்போது தமிழுக்கு வாருங்கள். தமிழ் எதுகை அடியின் தலையில் உட்காரும். வெய்யிற், கையில், தெய்வ, வையம். கை, வை இரண்டையும் கய், வய் என்று காது கேட்பதால் வெய், தெய் இவற்றோடு அவை ஒத்துப் போகின்றன. ‘வெயிலுக்கேற்ற’ என்று மாற்றினால் இந்தக் கட்டு அவிழ்ந்துவிடும். மோனையும் அப்படியே: வெய்யிற்–வீசும், கையில்–கலசம், தெய்வ–தெரிந்து, வையம்–வாழும். இவ்வளவையும் குறித்துவிட்டு ‘ஆங்கிலக் கடைசி எதுகை தமிழில் முதல் எதுகையாக மாறியது’ என்று எழுதி முடித்துவிடுபவர்கள் உண்டு. முக்கியமானது அதற்குப் பிறகுதான் இருக்கிறது.

வரிகளின் கடைசியை மட்டும் மேலிருந்து கீழே படியுங்கள். உண்டு, உண்டு, உண்டு, உண்டு, உண்டு, உண்டு. ஏழாவது வரி ‘வனமன்றி’. எட்டாவது ‘வேறுண்டோ’. ஆறு முறை பழகிய ஒலி ஏழாவதில் இல்லை, எட்டாவதில் கேள்வியாகத் திரும்பி வருகிறது. கடைசிக்கு முந்தைய வரி விலகி, கடைசி வரி திரும்புகிறது என்ற அந்த அமைப்பு அப்படியே இங்கே இருக்கிறது. கடைசி எதுகை செய்த வேலையை இயைபு எடுத்துச் செய்திருக்கிறது. கவிமணி திட்டமிட்டாரா, காது தானாகக் கொண்டுவந்ததா என்று நமக்குத் தெரிய வேண்டியதில்லை. பாடலில் அது இருக்கிறது, காட்ட முடிகிறது. கட்டுரையில் இதற்கு ஒரு முழுப் பத்தி கொடுங்கள்.

பாரசீகத்தின் நான்கு வரி ஒலியோடு ஒப்பிட்டிருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது. முதல் படியில் பிரதியை முடிவு செய்யச் சொன்னது இதற்காகத்தான்.

5. படிமங்களை நான்காகப் பிரியுங்கள்

நின்றவை, மாறியவை, போனவை, புதிதாக வந்தவை. ஒரு தாளில் நான்கு பத்தி போட்டு நிரப்புங்கள். கிளை நிழலாக நிற்கிறது, மது நிற்கிறது, பாடும் துணை நிற்கிறது. கவிதை நூல் கம்பன் கவியாக மாறிவிட்டது. ரொட்டி போய்விட்டது. தென்றல் வந்திருக்கிறது.

பட்டியலோடு நின்றுவிடக் கூடாது. இந்த மாற்றங்கள் எல்லாம் ஒரே திசையில் போகின்றனவா என்று பாருங்கள். இங்கே போகின்றன. பாரசீகத்தில் இருப்பது வறுமை. உயிர் தரிக்கப் பாதி ரொட்டி, இடிந்து கிடக்கும் பாழிடம். அதை சுல்தானின் ஆட்சிக்கு எதிரே வைக்கிறார் கவிஞர். ஃபிட்ஸ்ஜெரால்டு பாழிடத்தைப் பாலைவெளி ஆக்கி, சுல்தானின் ஆட்சியைச் சொர்க்கம் ஆக்கினார். அரசியல் வாசனை போய்விட்டது, ஆனால் கடுமைக்கு எதிரே இனிமை என்ற முரண் தங்கிவிட்டது. ஒன்றும் இல்லாத வெளி, நீ இருப்பதால் சொர்க்கம்.

கவிமணியிடம் வெயிலுக்கு ஏற்ற நிழல், வீசும் தென்றல், நிறைந்த கலசம், பல கீதம். எல்லாம் நிறைவு. ‘வையம் தரும் இவ்வனம்’ என்று வரும்போது வனமே ஒரு கொடையாகிவிடுகிறது. அது ஏற்கெனவே பாதிச் சொர்க்கம். ஆகவே ‘நீ’ செய்ய வேண்டிய வேலை குறைந்துவிடுகிறது. படிமத்தில் பெரிய தியாகம் எது என்று கேட்டால், நான் ரொட்டியைச் சொல்ல மாட்டேன். பற்றாக்குறையைச் சொல்வேன். ரொட்டி போனது அதன் ஓர் அடையாளம்.

கம்பனைப் பற்றி ஒரு வார்த்தை. ‘பாரசீகக் கவிதையில் கம்பன் எப்படி வரலாம்’ என்று சிலர் குதிப்பார்கள். ஆங்கிலத்தில் எந்த நூல் என்று சொல்லப்படவே இல்லை, ஏதோ ஒரு கவிதை நூல்தான். வாசிப்பவர் தனக்குப் பிடித்த நூலை அங்கே வைத்துக்கொள்ளலாம். கவிமணி அந்த இடத்தை நமக்காக நிரப்பிவிட்டார். பொதுமை போனது, நெருக்கம் வந்தது. இரண்டையும் எழுதுங்கள்.

6. வேறு மாதிரி மாற்றிப் போட்டுப் பாருங்கள்

ஒப்பீட்டுக் கட்டுரைகளில் அடிக்கடி விட்டுப்போகும் படி இது. என் பார்வையில் தவிர்க்கவே முடியாததும் இதுதான். ஒன்று போய்விட்டது என்று கண்டுபிடித்தால், அது யாப்பு நெருக்கியதால் போனதா, கவிஞர் விரும்பி விட்டதா என்று சொல்ல வேண்டும். ஊகிக்க வேண்டாம், சோதித்துவிடலாம்.

ரொட்டியைத் திரும்ப வைத்துப் பார்ப்போம்.

வெய்யிற் கேற்ற நிழலுண்டு
வேண்டும் கம்பன் கவியுண்டு
கையில் ரொட்டித் துண்டுண்டு
கலசம் நிறைய மதுவுண்டு

அசை பிரித்துப் பாருங்கள். மா, மா, காய் எங்கும் கெடவில்லை. வெய்யிற்–வேண்டும் மோனை நிற்கிறது. கையில்–கலசம் நிற்கிறது. எதுகையும் இயைபும் அப்படியே. போனது தென்றல் ஒன்றுதான், அது மூலத்தில் இல்லாதது. ஆக, யாப்புக்காக ரொட்டி பலியானது என்று சொல்ல முடியாது. ரொட்டிக்கு இடம் இருந்தது. கவிமணியின் பாடல் தென்றலைத் தேர்ந்தது.

ஏன் என்பதற்கும் இந்தச் சோதனையே பதில் வைத்திருக்கிறது. ‘கையில் கம்பன் கவியுண்டு, கலசம்’ என்று அடுத்தடுத்து நான்கு ககரம் ஓடுகிற ஓட்டம் என் மாற்றத்தில் அறுந்துவிடுகிறது. ‘ரொட்டித் துண்டுண்டு’ என்பது நாக்கில் இடறுகிறது. ஆகவே ஓசைக்காகவும் நிறைவின் மனநிலைக்காகவும் ரொட்டி விடப்பட்டிருக்கிறது என்று வாதிடலாம். மாற்று வரி கையில் இருப்பதால் அந்த வாதத்துக்குக் கால் இருக்கிறது.

இதே சோதனை ஓர் அவசர முடிவையும் தடுக்கும். கவிமணியிடம் கவி முதலில், மது பின்னால் வருகிறது. ஃபிட்ஸ்ஜெரால்டின் கடைசிப் பதிப்பில் அதே வரிசை, 1859இல் எதிர்வரிசை. ‘ஆகவே அவர் கடைசிப் பதிப்பைத்தான் பயன்படுத்தினார்’ என்று எழுதத் தோன்றும். ஆனால் ‘கையில்’ என்ற எதுகைச் சொல் அடியின் தலையில் வந்தாக வேண்டும். கையில் இருக்கத் தகுந்தது நூல். அதனாலேயே கவி முன்னால் வந்திருக்கலாம். வரிசை ஒரு குறிப்பு மட்டும், சான்று ஆகாது.

மாற்று வரி எழுதுவதற்குத்தான் நேரம் அதிகம் பிடிக்கும். ஒரே மூச்சில் எழுதி முடித்துவிடாமல் மறுநாள் காலையில் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். முந்தின இரவு சரியாகத் தெரிந்த வரி பகலில் தளை தட்டும். உங்கள் மாற்று வரியை ‘இது என்னுடையது’ என்று தெளிவாகக் குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அதுவே கவிமணி பெயரில் சுற்ற ஆரம்பித்துவிடும்.

7. எழுதும்போது

படிகளின் வரிசையிலேயே கட்டுரையை எழுதாதீர்கள். யாப்புக்கு ஒரு பக்கம், எதுகைக்கு ஒரு பக்கம், படிமத்துக்கு ஒரு பக்கம் என்று சமமாகப் பிரித்தால் ஒன்றும் தேறாது. இந்தப் பாடலில் எனக்குக் கிடைத்த முடிவு இது: கடைசி வரி திரும்பி விழுகிற அழகு முழுதாக வந்து சேர்ந்தது, அதை வாங்கித் தந்த ‘உண்டு’ என்ற அடுக்கே ‘நீ’யின் நிறுத்தத்தைப் பறித்தது, அந்த அடுக்கு நிறைவுப் பட்டியலாக விரிந்ததில் மூலத்தின் பற்றாக்குறை மறைந்தது. மூன்றும் ஒரே காரணத்தில் முடிச்சுப் போட்டிருக்கின்றன. உங்கள் பாடலில் அப்படி ஒரு முடிச்சு கிடைத்தால் அதையே முதல் வரியாக வைத்து, மற்றதையெல்லாம் அதற்குச் சான்றாகக் கொண்டுவாருங்கள். சான்றாகாத குறிப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் வெட்டிவிடுங்கள். ஆட்டுத் தொடையை என் கட்டுரையில் வைக்க ஆசைதான். அது ஃபிட்ஸ்ஜெரால்டைப் பற்றிய கட்டுரைக்கு உரியது என்பதால் எடுத்துவிட்டேன்.

கடைசியாக, உரிமை. இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு. கவிமணி 1954இல் மறைந்தார், ஃபிட்ஸ்ஜெரால்டு 1883இல். இருவரையும் முழுப் பாடலாகவே மேற்கோள் காட்டலாம். உயிரோடு இருக்கும் கவிஞரையோ, அண்மைக்கால மொழிபெயர்ப்பையோ எடுத்துக்கொண்டால், விமர்சனத்துக்கு வேண்டிய அளவு வரிகளை ஆசிரியர் பெயரோடு எடுத்தாளச் சட்டம் இடம் தருகிறது. முழுக் கவிதையையும் அச்சிட வேண்டுமென்றால் பதிப்பாளருக்கு எழுதி அனுமதி வாங்குங்கள். பதில் வரத் தாமதமாகலாம் என்பதால், கட்டுரை எழுதத் தொடங்கும்போதே அந்தக் கடிதத்தை அனுப்பிவிடுங்கள்.